விளம்பரத்தை பிளாக் பண்ணா பாட்டு ஏன் பாதியில நிக்குது? கணக்குக்கும் ஆபத்தா? முழு விளக்கம்

கிருஷ்ணன்கோவிலில் விடுதியில் தங்கி பொறியியல் படிக்கும் நேயர் ஒருவர், கடந்த வாரம் நமக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையத்தில் இருக்கும் வீட்டுக்குப் போவார். முக்கால் மணி நேர பயணம். காதில் ஹெட்செட், போனில் ஒரு பாட்டு ஆப். காசு கட்டாத இலவச கணக்குதான்.

"அண்ணே, மூணு பாட்டு நல்லா ஓடுது. மூணாவது முடிஞ்சதும் அப்படியே நின்னுருது. வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நெக்ஸ்ட் அமுக்குனாலும் போகல. டவர் ஃபுல்லா இருக்கு. ஹாஸ்டல் வைஃபைல போட்டா பாட்டு மட்டுமில்ல, நெட்டே வரமாட்டேங்குது. போன் போச்சா?"

போன் போகவில்லை. இரண்டு கேள்வி திருப்பிக் கேட்டதும் விஷயம் வெளியே வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு ரீல்ஸ் பார்த்து, போன் செட்டிங்ஸில் Private DNS என்ற இடத்தில் விளம்பரத்தைத் தடுக்கும் ஒரு முகவரியை டைப் செய்து வைத்திருக்கிறார். அதை அவரே மறந்துவிட்டார். பாட்டு நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த ஒரு செட்டிங் எப்படி பாட்டை நிறுத்துகிறது? விளம்பரத்தைத் தடுத்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள் என்று சொல்வது உண்மையா, மிரட்டலா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

(முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த தளத்துக்கும் விளம்பரத்தில்தான் வருமானம் வருகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.)

விளம்பரமும் வரிசையில் நிற்கும் ஒரு 'பாட்டு'தான்

டிவியில் விளம்பர இடைவேளை என்றால் நிகழ்ச்சி நிற்கும், விளம்பரம் ஓடும், மறுபடி நிகழ்ச்சி வரும். பாட்டு ஆப்பிலும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது கொஞ்சம் வேறு.

ஆப்புக்குள் ஒரு வரிசை இருக்கும். ரேஷன் கடை வரிசை மாதிரி, அடுத்தடுத்து ஓட வேண்டியவை அதில் நிற்கும். இலவச கணக்கு என்றால், பாட்டுகளுக்கு நடுவே விளம்பரத்தையும் அதே வரிசையில் ஒரு ஆளாக நிறுத்தி வைத்துவிடுவார்கள். ஸ்பாட்டிஃபையை எடுத்துக்கொண்டால், அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் `spotify:track:` என்று தொடங்கும் அடையாளம் உண்டு. விளம்பரத்துக்கு `spotify:ad:` என்று தொடங்கும் அடையாளம். இரண்டையும் ஓட்டுவது ஒரே பிளேயர்தான்.

வரிசையில் விளம்பரத்தின் முறை வந்ததும் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, அந்த விளம்பரத்தின் ஆடியோவை சர்வரிலிருந்து எடுத்து வர ஆப் கிளம்பும். இரண்டு, நெக்ஸ்ட் பட்டனும், இழுத்து ஓட்டும் கோடும் வேலை செய்யாது. விளம்பரத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது.

இப்போது விளம்பரத்தை எடுத்து வரும் வழியை மட்டும் நாம் அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். வரிசையில் முதல் ஆளாக விளம்பரம் நிற்கிறது. அதற்கான ஆடியோ வரவில்லை. ஓடி முடியாததால் அது வரிசையை விட்டு நகரவும் இல்லை. பின்னால் நிற்கும் பாட்டுக்கு வழி கிடைக்கவில்லை. நெக்ஸ்ட் பட்டனோ பூட்டிக் கிடக்கிறது. அந்தத் தம்பி பஸ்ஸில் பார்த்த வட்டம் இதுதான்.

எல்லா ஆப்பும் இப்படி நின்றுவிடாது. சில பிளேயர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, விளம்பரம் வராவிட்டால் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். சில, திரும்பத் திரும்ப முயற்சி செய்துகொண்டே இருக்கும். இன்னும் சில, மொத்த வரிசையையும் கைவிட்டு 'பிளே செய்ய முடியவில்லை' என்று ஒரு பிழைச் செய்தியைக் காட்டும். இதில் எது நடக்கும் என்பது ஆப்பின் பதிப்பைப் பொறுத்தது. 'நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே, இன்னைக்கு மட்டும் என்ன?' என்ற கேள்விக்குப் பதிலும் இதில்தான் இருக்கிறது. ராத்திரி ஆப் தானாக அப்டேட் ஆகியிருக்கும். விளம்பரம் வராதபோது என்ன செய்வது என்ற விதியை அதில் மாற்றியிருப்பார்கள்.

Private DNS என்ன செய்கிறது?

போனில் நாம் பெயரைத் தட்டினால் போதும், நம்பர் தானாக டயல் ஆகும். பெயருக்குப் பக்கத்தில் நம்பர் இருக்கும் போன்புக் அதைச் செய்கிறது. இணையத்துக்கும் அப்படி ஒரு போன்புக் உண்டு. அதுதான் டிஎன்எஸ். ஆப் ஒரு சர்வரின் பெயரைக் கேட்கும், டிஎன்எஸ் அதன் எண்ணைக் கொடுக்கும்.

வழக்கமாக இந்த போன்புக் உங்கள் நெட்வொர்க் நிறுவனத்துடையதாக இருக்கும். ஆண்ட்ராய்டு 9 பதிப்பில், அதாவது 2018ல், நமக்கு விருப்பமான வேறொரு போன்புக்கை வைத்துக்கொள்ள Private DNS என்ற வசதி வந்தது. யாரும் இடையில் எட்டிப் பார்க்க முடியாதபடி பெயர்களை விசாரிக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். ஆனால் நம் ஊரில் இது பிரபலமானது வேறொரு காரணத்துக்காக. விளம்பர சர்வர்களின் பெயரைக் கேட்டால் எண்ணைத் தராமல் மறைத்துவிடும் போன்புக்குகள் இருக்கின்றன. அதில் ஒன்றை இந்த இடத்தில் எழுதிவிட்டால், தனியாக ஆப் எதுவும் போடாமலேயே பல விளம்பரங்கள் காணாமல் போய்விடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், இந்த முறையால் பெயரை மட்டும்தான் பார்க்க முடியும். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் சர்வர் என்னென்ன வேலை செய்கிறது என்பது அதற்குத் தெரியாது. விளம்பரத்துக்கென்று தனிப் பெயர் இருந்தால் சரி. ஒரே பெயரில் இரண்டு வேலையும் நடந்தால்?

யூடியூபில் அதுதான் நடக்கிறது. வீடியோ வருவதும் `googlevideo.com` என்று முடியும் சர்வர்களிலிருந்து, விளம்பரம் வருவதும் அங்கிருந்துதான். அந்தப் பெயரை அடைத்தால் விளம்பரத்தோடு வீடியோவும் போய்விடும். அதனால்தான் டிஎன்எஸ் முறையில் யூடியூப் விளம்பரத்தை நிறுத்த முடிவதில்லை. ஸ்பாட்டிஃபையிலும் `spclient.wg.spotify.com` என்ற சர்வர் பல வேலைகளுக்குப் பொதுவானது. விளம்பரம் தொடர்பானது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை அடைத்தவர்களுக்கு ஆப்பே ஒழுங்காக வேலை செய்யாமல் போயிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. `s.youtube.com` என்ற பெயரைச் சில தடுப்புப் பட்டியல்களில் சேர்த்திருப்பார்கள். அதை அடைத்தால் வீடியோ நன்றாக ஓடும். ஆனால் நீங்கள் பார்த்த வீடியோ எதுவும் ஹிஸ்டரியில் பதிவாகாது. 'நேத்து பாதி பார்த்த படம் எங்க விட்டேன்னு காட்டல' என்று யாராவது புலம்பினால், இதையும் ஒரு தடவை சந்தேகப்படலாம்.

செய்தி தளங்களின் வீடியோவும் இதற்குத் தப்பாது. பல தளங்களின் பிளேயர், வீடியோவைத் தொடங்குவதற்கு முன் `imasdk.googleapis.com` என்ற இடத்திலிருந்து ஒரு சின்ன நிரலை எடுத்து வரும். விளம்பரம் காட்டும் வேலை அதனுடையது. அது வரவில்லை என்றால் சில பிளேயர்கள் விளம்பரத்தை மட்டும் விட்டுவிட்டு வீடியோவை ஓட்டும். சில, அந்த நிரலுக்காகவே காத்துக்கிடக்கும். திரை கருப்பாகவே இருக்கும். பார்ப்பவர் 'இந்த சேனல் சைட்டே மோசம்' என்று திட்டிவிட்டுப் போய்விடுவார்.

சரி, ஹாஸ்டல் வைஃபையில் மொத்த நெட்டும் ஏன் போனது?

நம் நேயருக்கு நடந்ததில் இது தனிக் கதை. Private DNSல் நாமாக ஒரு முகவரியை எழுதிவிட்டால், ஆண்ட்ராய்டு அதில் கறாராக இருக்கும். அந்த முகவரியைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால், 'சரி, பழைய போன்புக்கையே கேட்போம்' என்று இறங்கி வராது. எண் கிடைக்காமல் எந்த சர்வருக்கும் போக முடியாது. வைஃபை சின்னம் இருக்கும், எதுவும் திறக்காது.

இந்த Private DNS, 853 என்ற போர்ட் வழியாகப் பேசும். கல்லூரி, விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் வழக்கமான வலைப் பயன்பாட்டுக்குத் தேவையானதைத் தவிர மற்ற போர்ட்களை அடைத்து வைப்பது சாதாரணம். அங்கே போனதும் இந்த வழி மூடிக்கொள்கிறது. மொபைல் டேட்டாவில் அந்த போர்ட் திறந்திருப்பதால் நெட் வருகிறது, விளம்பரம் மட்டும் வரவில்லை. பஸ்ஸில் ஒரு மாதிரியும் விடுதியில் வேறு மாதிரியும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

வைஃபை பெயருக்குக் கீழே `Private DNS server cannot be accessed` என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால், மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். சிக்கல் உங்கள் போனில் நீங்கள் எழுதிய முகவரியில்தான் இருக்கிறது. வார்டனிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இனி கணக்கு விஷயத்துக்கு வருவோம்

இங்கே இரண்டு வகை ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர், கம்பெனியின் ஒரிஜினல் ஆப்பை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து விளம்பரத்தைத் தடுப்பவர். நம் நேயர் இந்த வகை. இன்னொருவர், பூட்டை உடைத்து மாற்றி எழுதிய ஆப்பை, அதாவது 'மாட் ஏபிகே' என்று டெலிகிராமில் சுற்றும் சமாச்சாரத்தைப் போட்டு, அதற்குள் தன் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்து நுழைபவர். விதிப்படி இருவர் செய்வதும் தப்புதான். ஆனால் ஆபத்து ஒரே அளவு இல்லை.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்பாட்டிஃபை. 2018 மார்ச்சில், மாற்றி எழுதிய ஆப்பைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் போனது. நீங்கள் பயன்படுத்தும் ஆப்பில் வழக்கத்துக்கு மாறான செயல்பாடு தெரிகிறது, அதனால் அந்த ஆப்பை முடக்கியிருக்கிறோம், உங்கள் கணக்கு பத்திரமாக இருக்கிறது, ஒரிஜினல் ஆப்பைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். மறுபடி மறுபடி இதே வேலையைச் செய்தால் கணக்கை நிறுத்தி வைக்கவோ நீக்கவோ எங்களுக்கு உரிமை உண்டு என்றும் அதில் சொல்லியிருந்தார்கள். அதாவது முதல் தடவை அடி விழுந்தது ஆப்புக்கு. கணக்குக்கு வந்தது எச்சரிக்கை.

அந்த நேரத்தில் இதைச் செய்ய அவர்களுக்கு ஒரு அவசரமும் இருந்தது. 2018 ஏப்ரல் 3ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தையில் ஸ்பாட்டிஃபை நுழைந்தது. அதற்காக அமெரிக்க பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் கொடுத்த ஆவணத்தை மார்ச் மாதத்தில் திருத்த வேண்டி வந்தது. காசும் கட்டாமல், விளம்பரமும் கேட்காமல் சுமார் 20 லட்சம் பேர் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். மாதப் பயனர்கள் 15.9 கோடி பேர் என்று முதலில் சொன்ன கணக்கு 15.7 கோடியாகக் குறைந்தது. பங்கு வாங்கப் போகிறவர் முன்னால் கணக்கைத் திருத்திக் காட்டுவது எந்தக் கம்பெனிக்கும் இனிப்பான விஷயம் இல்லையே.

அடுத்த வருடம் விதியையே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். 2019 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்த விதிமுறைகளில், விளம்பரத்தைத் தடுப்பதும் சுற்றிக்கொண்டு போவதும் கூடாது, அதற்கான கருவிகளை உருவாக்குவதும் பரப்புவதும் கூடாது, மீறினால் கணக்கை உடனே நிறுத்தலாம் என்று தனியாகச் சேர்த்தார்கள். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்ததே 2019 பிப்ரவரி கடைசியில்தான். ஆக, நம் ஊரில் அந்த ஆப் தொடங்கிய சில நாட்களிலேயே இந்த விதியும் வந்துவிட்டது. யாரும் படிக்காமல் 'ஓகே' தட்டியதில் இதுவும் இருந்தது.

நாம தடுக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இது பலரும் கேட்கும் கேள்வி. மறைந்திருந்து பார்க்கத் தேவையே இல்லை, கணக்குப் போட்டாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு பாட்டும் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் ஓடியது என்ற தகவல் சர்வருக்குப் போகிறது. பாடகருக்கும் இசை நிறுவனத்துக்கும் ராயல்டி பிரிக்க அந்தக் கணக்கு வேண்டும். விளம்பரத்துக்கும் அப்படித்தான். தொடங்கியது, கால்வாசி, பாதி, முக்கால்வாசி, முழுவதும் ஓடியது என்று படிப்படியாகத் தகவல் போவது விளம்பர உலகில் பொதுவான நடைமுறை. விளம்பரம் கொடுத்தவருக்குக் காட்ட வேண்டுமே.

இப்போது ஒரு இலவச கணக்கை யோசித்துப் பாருங்கள். ஒரு நாளில் 5 மணி நேரம் பாட்டு ஓடியிருக்கிறது. பாட்டு நான்கு நிமிடம் என்று வைத்தால் 75 பாட்டு. விளம்பரம் ஓடியதாக ஒரு தகவல்கூட வரவில்லை. ஒரு நாள் என்றால் நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிடலாம். முப்பது நாளும் இதே கதை என்றால்? ஸ்பாட்டிஃபையின் இலவச மொபைல் கணக்குக்கு மணிக்கு 6 ஸ்கிப் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். மாற்றி எழுதிய ஆப் அந்த வரம்பை எடுத்துவிடும். மணிக்கு 20 பாட்டைத் தாண்டிய இலவச கணக்கு, தானே கையைத் தூக்கிக் காட்டிக்கொடுக்கும் கணக்கு.

மாட் ஆப்கள் எதை மாற்ற முடியும், எதை முடியாது என்பதிலும் இந்த ரகசியம் இருக்கிறது. போனுக்குள் முடிவெடுக்கும் விஷயத்தை மட்டும்தான் அவற்றால் மாற்ற முடியும். பாட்டை டவுன்லோடு செய்து நெட் இல்லாமல் கேட்பது, 320 கேபிபிஎஸ் தரத்தில் கேட்பது இரண்டும் அந்த மாட் ஆப்களில் கிடைக்காது. காரணம், அதைக் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பது சர்வர். நிறுவனங்கள் ஒவ்வொரு முடிவாகப் போனிலிருந்து சர்வருக்கு நகர்த்த நகர்த்த, மாட் ஆப்பில் ஒவ்வொன்றாக உடையும்.

யூடியூப் கணக்கை நீக்கிவிடுவார்களா?

யூடியூப் இதில் வேறு பாதையில் போகிறது. 2023ல் விளம்பரத் தடுப்பானுக்கு எதிராக உலகம் முழுவதும் நடவடிக்கையை விரிவுபடுத்தியபோது, அவர்கள் கை வைத்தது பிளேயரில். தடுப்பானை எடுங்கள் என்று ஒரு பெட்டி வரும். சிலருக்கு 'இன்னும் மூன்று வீடியோவுக்குப் பிறகு பிளேயர் நின்றுவிடும்' என்ற எச்சரிக்கை வந்தது. 2024 ஏப்ரலில், விளம்பரத்தைத் தடுக்கும் வெளி ஆப்கள் மீதும் நடவடிக்கையைக் கூட்டுவதாக அறிவித்தார்கள். அப்படிப்பட்ட ஆப்பில் பார்த்தால் வீடியோ அடிக்கடி நின்று நின்று ஓடலாம், அல்லது `The following content is not available on this app` என்ற வரி வரலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். எனவே இந்த வரியைப் பார்த்தால் அது உங்கள் டவர் பிரச்சினை இல்லை.

பிரவுசரில் தடுப்பான் போட்டதற்காக மட்டும் ஒருவரின் கூகுள் கணக்கே பறிபோவது வழக்கமாக நடப்பதில்லை. இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விதியில் கணக்கை நிறுத்த இடம் இருக்கிறது. ஆனால் இவர்கள் முதலில் எடுக்கும் ஆயுதம் வீடியோவை நிறுத்துவதுதான். 'ஆட் பிளாக் போட்டா ஜிமெயில் போயிடும்' என்று பயமுறுத்தும் ஃபார்வர்டுகளை நம்பி பதற வேண்டாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மாட் ஆப்பில் நீங்கள் லாகின் செய்யும்போது, யாரென்றே தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்குள் உங்கள் பாஸ்வேர்டை டைப் செய்கிறீர்கள். பிரபலமாக இருந்த யூடியூப் வான்ஸ்ட் 2022 மார்ச்சில் கூகுளின் சட்ட நடவடிக்கையால் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு அதே பெயரில் தேடினால் ஏகப்பட்ட தளங்கள் வந்தன. எது பழைய ஆட்கள் செய்தது, எது யாரோ அந்தப் பெயரை வைத்துப் பரப்புவது என்று சாதாரண ஆளால் பிரித்துப் பார்க்க முடியாது. கம்பெனி கணக்கை முடக்கினால் பிளேலிஸ்ட் போகும். பாஸ்வேர்ட் வெளியே போனால், அதே பாஸ்வேர்டை எங்கெல்லாம் போட்டிருக்கிறீர்களோ அத்தனையும் போகும். பலர் எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்ட்தான் வைத்திருக்கிறார்கள் என்பது நாம் அறிந்ததுதானே.

என்ன செய்து சரி பார்ப்பது?

நம் நேயருடன் போனில் பேசிக்கொண்டே செய்ததை அப்படியே சொல்கிறோம். முதலில் பாட்டு நின்ற நிலையில் வேறொரு சாதாரண வலைப்பக்கத்தைத் திறக்கச் சொன்னோம். மொபைல் டேட்டாவில் திறந்தது. ஆகவே நெட் இருக்கிறது. அடுத்து, போனின் மேல் பட்டையில் சாவிச் சின்னம் இருக்கிறதா என்று கேட்டோம். இருந்தால் விபிஎன் வடிவில் வேலை செய்யும் தடுப்பான் ஓடிக்கொண்டிருக்கலாம். அவரிடம் இல்லை.

பிறகு செட்டிங்ஸ் திறந்து, மேலே உள்ள தேடல் பெட்டியில் `Private DNS` என்று டைப் செய்யச் சொன்னோம். போனுக்குப் போன் இந்த இடம் மாறும். சாம்சங்கில் `Connections` உள்ளே `More connection settings` பகுதியில் இருக்கும், ஷாவ்மியில் `Connection & sharing` பகுதியில் இருக்கும். தேடிப் போவதே சுலபம். அங்கே அவர் எழுதிய முகவரி அப்படியே இருந்தது. அதை `Automatic` என்று மாற்றச் சொன்னோம்.

மாற்றினாலும் உடனே சரியாகாமல் போகலாம். பழைய பதில்களைப் போனும் ஆப்பும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதனால் ஏரோபிளேன் மோடை ஒரு தடவை போட்டு எடுத்து, பாட்டு ஆப்பை `Force stop` செய்து, `Clear cache` கொடுத்துவிட்டுத் திறக்க வேண்டும். பக்கத்திலேயே `Clear data` என்று ஒன்று இருக்கும், அதைத் தொட வேண்டாம். தொட்டால் லாகின் போய்விடும், டவுன்லோடு செய்தவையும் போய்விடும்.

திறந்ததும் மூன்று பாட்டு ஓடின. அடுத்து ஒரு விளம்பரம் வந்தது. அது முடிந்ததும் நான்காவது பாட்டு தானாகத் தொடங்கியது. விடுதிக்குத் திரும்பியதும் வைஃபையும் வேலை செய்வதாக மெசேஜ் போட்டார்.

Private DNS வசதியே வேண்டாம் என்று இல்லை. விளம்பரத்தைத் தடுக்காத, பெயரை மட்டும் பாதுகாப்பாகத் தேடித் தரும் முகவரிகளும் இருக்கின்றன. அவற்றை வைத்தால் பாட்டு நிற்காது. ஆனால் விடுதி வைஃபை சிக்கல் அவற்றுக்கும் பொருந்தும்.

விளம்பரத் தொல்லை குறைய வேண்டும் என்றால் முறையான வழிகளும் கொஞ்சம் இருக்கின்றன. ஸ்பாட்டிஃபை இலவச கணக்கில், ஒரு வீடியோ விளம்பரத்தை முழுசாகப் பார்த்தால் அடுத்த 30 நிமிடம் விளம்பரம் இல்லாமல் பாட்டு என்ற சலுகை அவ்வப்போது வரும். ராஜபாளையம் பஸ்ஸுக்கு அது பாதித் தூரத்துக்கு மேலேயே தாங்கும். கல்லூரி மாணவர்களுக்கு என்று குறைந்த கட்டணத் திட்டமும் உண்டு. காசே வேண்டாம் என்பவர்களுக்கு, போனில் எஃப்எம் இருந்தால், 100.5ல் கொடைக்கானல் பண்பலை இருக்கவே இருக்கிறது.

மாட் ஆப் போட்டிருப்பவர்கள் என்ன செய்வது?

பேசி முடிக்கும் நேரத்தில் நம் நேயர் இன்னொன்றும் கேட்டார். அவருடைய ரூம்மேட் போனில் மாட் ஆப் இருக்கிறதாம். சில நாட்களாக அது திறந்ததும் மூடிக்கொள்கிறது. பயந்துபோய், ஒரிஜினல் ஆப்பின் ஏபிகேவை அதன் மேலேயே போட்டுப் பார்த்திருக்கிறார். `App not installed` என்று வந்துவிட்டது. மெமரி இல்லையோ என்று போட்டோவையெல்லாம் அழித்தும் பார்த்துவிட்டாராம்.

மெமரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஒவ்வொரு ஆப்பும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்தோடு வரும். மாற்றி எழுதிய ஆப்பில் கம்பெனியின் கையெழுத்து இருக்காது, மாற்றியவரின் கையெழுத்துதான் இருக்கும். ஒரே பெயரில் உள்ள ஆப்பின் மேல் வேறு கையெழுத்து வந்தால் ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொள்ளாது. பத்திரத்தில் கையெழுத்து மாறினால் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்புவார்களே, அது மாதிரிதான்.

எனவே முதலில் மாட் ஆப்பை முழுவதுமாக அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். அடுத்து, ஆப்பைத் திறக்காமல், பிரவுசரில் அந்த சேவையின் கணக்குப் பக்கத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். ஸ்பாட்டிஃபை என்றால் அங்கே `Sign out everywhere` என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால், மாட் ஆப் பிடித்து வைத்திருந்த லாகின் உட்பட எல்லாமே வெளியேறிவிடும். அதே பாஸ்வேர்டை வேறு எங்கேயாவது போட்டிருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் பிளே ஸ்டோரிலிருந்து ஒரிஜினலைப் போட வேண்டும். வரிசை மாறினால், பழைய லாகின் யார் கையிலோ இருக்கும்போதே புதிய ஆப்பில் பாட்டு கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

இதைச் சொன்னதும் அந்தப் பக்கத்திலிருந்து வேறொரு குரல் கேட்டது. ரூம்மேட்தான். "அண்ணே, பிளேலிஸ்ட் போயிருமா? நாலு வருஷமா சேர்த்தது." போகாது. பிளேலிஸ்ட் இருப்பது போனில் இல்லை, கணக்கில். கணக்கு இருக்கும் வரை ஆப்பை எத்தனை தடவை அழித்துப் போட்டாலும் அது அப்படியே வரும்.